தம்பி மட்டும் பார்த்த விடைத்தாள்

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டே தொழில்முறைத் தேர்வு ஒன்றுக்குப் படிக்கிறேன். எதிலும் சிறு குறைகூட இருக்கக் கூடாது எனக்கு. ஓர் அறிக்கையை நான்கைந்து முறை படித்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். போன மாதிரித் தேர்வின் தாளைத் திறக்கப் பயந்து, பள்ளி இறுதியாண்டு படிக்கும் தம்பியிடம் கொடுத்து மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். 62. இரண்டு நாள் தூங்கவில்லை. இலக்கைக் குறைத்துக்கொள் என்கிறார்கள் தோழிகள். குறைத்தால் நான் என்னாவது?

பதில்: இலக்கைக் குறைக்க வேண்டாம். அதைப் பற்றி இனி யாரிடமும் யோசனை கேட்கவும் வேண்டாம். எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தத் தம்பிதான். குறையே கூடாது என்கிறவர், குறைகள் ஒவ்வொன்றும் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருக்கும் ஒரே காகிதத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் மொத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் கிடந்திருக்கிறீர்கள். பிழை இல்லாமல் எழுத விரும்புகிறவர் முதலில் பிழையைத்தான் தேடிப் போவார். நீங்கள் தேடிப் போனது தீர்ப்பை.

முழுமையை நாடுவதில் இரு வகை உண்டு என்பதை உளவியலாளர் ஹமாசெக் 1978ஆம் ஆண்டிலேயே எழுதினார். பின்னர் வந்த அளவுகோல்களில், ஒருவர் தமக்கு வைத்துக்கொள்ளும் இலக்கின் உயரத்தைத் தனியாகவும், அதை எட்டவில்லையே என்று தம்மையே குத்திக்கொள்ளும் இடைவெளியுணர்வைத் தனியாகவும் அளந்தார்கள். இலக்கின் உயரம் மாணவர்களிடம் சற்றுக் கூடுதலான மதிப்பெண்ணோடு சேர்ந்து காணப்படுகிறது. இடைவெளியுணர்வோ ஒத்திப்போடுதலோடும் சோர்வோடும் சேர்ந்து வருகிறது. மதிப்பெண்ணை அது உயர்த்துவதில்லை. சிக்கல் என்னவென்றால், பலரிடம் இவை இரண்டும் ஒரே உடம்பில் குடியிருப்பதால், தங்களை முன்னேற்றியது அந்தக் குத்தல்தான் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். நீங்களும் நம்புகிறீர்கள்.

உங்களைப் போலவே ஒருவர், 58 வாங்கிய தாளை என் முன்னால் விரித்தார். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். இழந்த 42ஐயும் ஒவ்வொன்றாக எழுத வைத்தேன். தெரியாமல் விட்டவை பத்து. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் போனவை எட்டு. மீதி 24, எழுதவே எழுதாத கடைசிக் கேள்விகள். 20 மதிப்பெண் வீதம் இருந்த முதல் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து 72 நிமிடம்தான் உரியது. அவர் அடித்துத் திருத்தி, வரியை மாற்றி, கட்டத்தை மறுபடி போட்டு 115 நிமிடம் செலவிட்டிருந்தார். கூடுதலாகப் போன அந்த 43 நிமிடமும் விடுபட்ட 24 மதிப்பெண்ணுக்கான நேரமும் ஒன்றே. "நான் முட்டாள்" என்று எழுதிக்கொண்டுவந்த மனிதர், "இரண்டாம் கேள்வியில் 36ஆம் நிமிடம் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும்" என்று எழுதிக்கொண்டு போனார். முதல் வாக்கியத்தைக் கொண்டு அடுத்த தேர்வுக்கு எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதைக் கொண்டு செய்யலாம். உங்கள் மனத்தில் ஓடும் வாக்கியம் விடையைப் பற்றியதா, உங்களைப் பற்றியதா என்று பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

அலுவலக அறிக்கைக்கும் இதே சோதனைதான். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எதை மாற்றினீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எண்களில் பிழை முதல் இரண்டு முறையிலேயே அகப்பட்டு, அதற்குப் பிறகு மாறுவதெல்லாம் காற்புள்ளிகள் என்றால், அங்கே நீங்கள் சரிபார்க்கவில்லை. பயத்துக்குத் தீனி போடுகிறீர்கள். நான்காம் முறையிலும் எண் தவறு கிடைத்தால், அது வேறு விஷயம். சரிபார்க்கும் முறையை மாற்றுங்கள். முழுமை நாடுகிறவர்கள் வேலையில் அதிக நேரம் மூழ்கிக் கிடந்தாலும், அவர்களுடைய பணித்திறன் மற்றவர்களைவிடத் தெளிவாக மேலானதாக ஆய்வுகளில் தெரிவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். மூத்தவளுக்கு வீட்டில் ஒரு கடமை இருக்கிறது. இளையவர்கள் அவளுடைய சொல்லைவிட முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பையனும் இறுதித் தேர்வை எழுதப் போகிறவன். 62 என்று சொன்னதும் அக்கா இரண்டு நாள் இடிந்து கிடந்ததைப் பார்த்தவன், தன் தாளில் 55 வந்தால் அதை எங்கே ஒளிப்பான் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?

தாளைத் திருப்பி வாங்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தே திறந்து, இழந்த 38ஐயும் அவன் கண்முன்னால் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுங்கள். கணக்குக் கூட்டிப் பார்க்கும் வேலையை அவனிடம் கொடுங்கள்.