ஸ்ட்ராடில் எல்லைக்கு வெளியே விற்றும் அடி விழுவது ஏன்?

கேள்வி: மேலூரில் இருந்து எழுதுகிறேன் சார். நிஃப்டி இப்போது நிற்கிற இடத்துக்குக் கிட்டத்து ஸ்ட்ரைக்கான ஏடிஎம்மில் கால், புட் ரெண்டு விலையையும் கூட்டினால் வரும் தொகைதான் அந்த வாரம் சந்தை நகரும் தூரம், அந்த எல்லையில் ரெண்டு பக்கமும் ஸ்ட்ரைக் விற்றால் பத்து வாரத்தில் ஒன்பது வாரம் பிரீமியம் நமக்கே என்று மதுரையில் ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்ட்ரைக்கைத் தொட்டதும் வெளியே வந்துவிடுகிறேன். நாலு வாரத்தில் ரெண்டு வாரம் நஷ்டம். ஸ்ட்ரைக்கைத் தப்பாக வைக்கிறேனா?

பதில்: ஸ்ட்ரைக்கைச் சொல்லிக்கொடுத்தபடியே சரியாக வைத்திருக்கிறீர்கள். சொல்லிக்கொடுத்த கணக்குதான் பிழை. அந்த எல்லையில் விற்றுவிட்டு, தொட்டதும் வெளியே வருகிறவருக்கு நாலில் ரெண்டு வாரம் அடி விழுந்தது என்றால், உள்ளபடியே கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏடிஎம் காலும் புட்டும் சேர்ந்த ஜோடிதான் ஸ்ட்ராடில். அதை வாங்கியவருக்கு எக்ஸ்பைரி அன்று என்ன கிடைக்கும்? நிஃப்டி அந்த ஸ்ட்ரைக்கில் இருந்து எத்தனை புள்ளி நகர்ந்ததோ, மேலேயோ கீழேயோ, அத்தனை ரூபாய். ஆக, ஸ்ட்ராடிலின் விலை என்பது அந்தத் தூரத்தின் சராசரிக்குச் சந்தை போட்ட மதிப்பு. ஒரு வாரம் 60 புள்ளியோடு முடியும், இன்னொரு வாரம் 700 போகும், எல்லாம் சேர்ந்த சராசரி 300. வைகையில் வருகிற வெள்ளத்தின் சராசரி உயரத்துக்குக் கரை கட்டினால் எத்தனை வருஷம் தண்ணீர் ஊருக்குள் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

வழக்கமான மணி வடிவப் பரவலில், இந்தச் சராசரித் தூரம் திட்ட விலக்கத்தில், அதாவது 100-க்கு 68 வாரம் உள்ளே முடியும் தூரத்தில், சுமார் 0.8 பங்குதான். அதனால் ஸ்ட்ராடில் எல்லைக்குள் சந்தை முடிவது 100 வாரத்தில் 57, 58 வாரம். மீதி 42 வாரம் வெளியேதான் முடியும். 'பத்துக்கு ஒன்பது' வேண்டும் என்றால் ஸ்ட்ராடில் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் போக வேண்டும். அங்கே பிரீமியம் சில்லறைதான். அதனால்தான் வகுப்பில் அந்தத் தூரத்தைச் சொல்வதில்லை.

முடிவதற்கும் தொடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களை அதிகம் அடித்திருக்கிறது. ஒரு எல்லைக்கு வெளியே முடியும் வாய்ப்பு எவ்வளவோ, வழியில் அதைத் தொட்டுவிட்டுப் போகும் வாய்ப்பு சுமார் அதைப்போல இரண்டு மடங்கு. ஸ்ட்ராடில் எல்லையில் இரண்டு பக்கமும் சேர்த்தால் பத்தில் எட்டு வாரம் ஏதோ ஒரு ஸ்ட்ரைக் தொடப்படும். புதன்கிழமை விற்று வியாழக்கிழமை தொட்டால், நீங்கள் 45 ரூபாய்க்கு விற்ற கால் அப்போது ஏடிஎம் ஆகி மூன்று இலக்க விலையில் நிற்கும். அந்த விலையில் வாங்கி வெளியே வருகிறீர்கள். செவ்வாய் மதியம் மூன்று மணிக்குத் தொட்டால் அதே ஆப்ஷன் 20 ரூபாய்கூட இருக்காது. தொட்டால் வெளியேறு என்ற ஒரே விதி இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது.

இனி அளக்கும் முறை. நிஃப்டி வார எக்ஸ்பைரி இப்போது செவ்வாய். அடுத்த வாரத்துக்கான அளவைப் புதன் காலை பத்து மணிக்கு மேல் எடுங்கள். திறந்த முதல் அரை மணி நேரத்தில் விலைகள் நிலைகொள்ளாது. ஆப்ஷன் செயினில் எல்டிபி என்ற பத்தியைப் பார்த்துக் கூட்டாதீர்கள். அது எப்போதோ நடந்த கடைசி வியாபாரம். கால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததாகவும், புட் இப்போது நடந்ததாகவும் இருந்தால் கூட்டுத்தொகையே பொய். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டின் நடுவை எடுங்கள்.

நிஃப்டி ஸ்பாட் 24,980 என்று வைத்துக்கொள்வோம். 25,000 கால் நடு விலை 160, புட் 140. ஸ்ட்ராடில் 300. பலரும் 24,980-இல் இருந்து 300-ஐக் கூட்டிக் கழிப்பார்கள். நடுப்புள்ளி அது இல்லை. ஸ்ட்ரைக்கோடு காலைக் கூட்டிப் புட்டைக் கழியுங்கள்: 25,000 + 160 − 140 = 25,020. ஆப்ஷன் விலைகள் எந்த நடுவைச் சுற்றி நிற்கின்றனவோ அதுதான் இது. வித்தியாசம் 40 புள்ளி என்று அலட்சியம் வேண்டாம், மாத எக்ஸ்பைரியில் இது இன்னும் விரியும்.

அடுத்து 300-ஐ 1.25 ஆல் பெருக்குங்கள், 0.8 ஆல் வகுப்பதும் இதுவே: 375. இதுதான் ஒரு திட்ட விலக்கம், 100-க்கு 68 வாரம் உள்ளே முடியும் தூரம். 25,020-இல் இருந்து கீழே 24,645, மேலே 25,395. கிட்டத்து ஸ்ட்ரைக்குகள் 24,650 புட், 25,400 கால். கீழ்ப்பக்கப் புட் பெரும்பாலும் கொஞ்சம் விலை கூடுதலாகவே இருக்கும், ஆகவே புட் 40, கால் 22 என்று கிடைப்பதாகக் கொள்ளுங்கள். இவற்றை மட்டும் விற்று நிறுத்தாதீர்கள். 200 புள்ளி தள்ளி 24,450 புட்டை 16-க்கும், 25,600 காலை 6-க்கும் வாங்குங்கள். கையில் நிற்பது 62 − 22 = 40 ரூபாய். ஒரு லாட் 65 என்றால் 2,600 ரூபாய் வரவு. சந்தை எந்தப் பக்கம் எவ்வளவு ஓடினாலும் அதிகபட்ச நஷ்டம் (200 − 40) × 65 = 10,400. முதலில் வாங்கும் ஆர்டர், பிறகு விற்கும் ஆர்டர். மார்ஜின் குறைவாகப் பிடிப்பது அப்போதுதான்.

இந்தத் தூரத்திலும் பத்தில் ஆறு வாரம் ஏதோ ஒரு ஸ்ட்ரைக் தொடப்படும். அதிகபட்ச நஷ்டம் முன்பே பூட்டப்பட்டுவிட்டதால் தொட்டதும் ஓட வேண்டியதில்லை. 10,400 போனால் தாங்குமா என்பதைப் புதன்கிழமையே முடிவு செய்யுங்கள். தாங்காது என்றால் விற்கவே வேண்டாம். 2,600-இலும் நான்கு ஆர்டர் போட்டு நான்கை மூடினால், ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடமே 160 ரூபாயும் ஜிஎஸ்டியும் போகும். எஸ்டிடி வரி தனி. ஸ்ட்ராடில் எல்லையில் விற்றாலும் இந்த அகன்ற எல்லையில் விற்றாலும் விலை ஏறக்குறைய நியாயமாகத்தான் இருக்கும். தூரம் கூடினால் அடி விழும் வாரங்கள் குறையும், விழும் அடி பெரிதாகும். ஸ்ட்ரைக்கை நகர்த்தியே காசு பார்க்கலாம் என்பவரை நம்பாதீர்கள்.

சிலர் ஸ்ட்ராடிலை 0.85 ஆல் பெருக்கச் சொல்வார்கள். அப்படிச் சுருக்கிய எல்லைக்குள் முடிவது சரிபாதி வாரம்தான், காசு சுண்டுவதற்குச் சமம். இன்னொரு வழக்கம், திங்கள் காலை மறுபடி அளந்து, 'எல்லை சுருங்கிவிட்டது' என்று கிட்டத்தில் இன்னொரு ஜோடி விற்பது. ஐந்து நாளுக்கு 300 இருந்த ஸ்ட்ராடில், இரண்டு நாள் மீதியிருக்கையில் 190 ஆவது வெறும் நாள் கழிந்த கணக்கு. சந்தை அமைதியாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி இல்லை.

மேலே சொன்ன 1.25 ஒரு இடத்தில் கைவிடும்: பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற பெரிய நிகழ்வு வாரத்துக்குள் விழும்போது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பத்தில் ஒன்பது தடவை சந்தை 200 புள்ளி நகரும், ஒரு தடவை 1,400 நகரும் என்று வைத்துக்கொள்வோம். சராசரித் தூரம் 180 + 140 = 320. ஸ்ட்ராடில் விலையும் அதுவே. நீங்கள் 1.25 ஆல் பெருக்கி 400 என்று எல்லை போடுவீர்கள். ஒன்பது தடவை அழகாக வேலை செய்யும். பத்தாவது தடவை சந்தை எல்லையைத் தாண்டி ஆயிரம் புள்ளி போகும். பாதுகாப்பு வாங்காமல் விற்றிருந்தால் ஒரு லாட்டில் 65,000 ரூபாய். ஒரே 320 ரூபாய் விலைக்குள் அமைதியான வாரமும் ஒளிந்திருக்கலாம், இந்த மாதிரி வாரமும் ஒளிந்திருக்கலாம். விலையை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

2024 ஜூன் 3 அன்று, தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி ஏறிய நிஃப்டி 23,263.90-இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை, 21,884.50-இல் முடிந்தது. ஒரே நாளில் 1,379 புள்ளி. ஸ்ட்ராடில் விலை ஏறியிருக்கிறதே, பிரீமியம் கொழுத்திருக்கிறதே என்று அதற்கு முந்தைய நாள் விற்பதுதான் வழக்கமான பொறி. அந்த மாதிரி வாரத்தில் நிகழ்வு முடிந்து, விலை இறங்கி, மறுபடி அளந்த பிறகு விற்பது உத்தமம். விற்றே ஆக வேண்டும் என்றால் பாதுகாப்பு ஆப்ஷன் இல்லாமல் ஒரு லாட்கூடக் கூடாது.

கடைசியாக அந்த வகுப்பு. பாடம் நடத்துகிறவர் இந்த வாரத்து விலையைத் திரையில் காட்டி இந்த ஸ்ட்ரைக்கை விற்கலாம் என்று சொன்னால் அது பாடம் இல்லை, ஆலோசனை. ஆலோசனை சொல்ல செபி பதிவு வேண்டும். ஆய்வாளருக்கு INH என்றும், முதலீட்டு ஆலோசகருக்கு INA என்றும் தொடங்கும் எண் இருக்கும். எண்ணைக் கேளுங்கள், செபி தளத்தில் பெயரோடு ஒத்துப் பாருங்கள். காளவாசலிலும் அண்ணா நகரிலும் மாடிக்கு மாடி வகுப்புப் பலகை தொங்குகிறது. பாதிப் பேருக்கு அந்த எண் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. 2024–25-இல் பங்குச் சந்தை எஃப் அண்டு ஓவில் வியாபாரம் செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி கணக்கெடுத்து அறிவிக்கிறது. ஆப் திறந்ததும் எச்சரிக்கைக் கட்டம் வருகிறது. அதை மூடினால் அடுத்த திரையிலேயே ஒரே தட்டில் ஸ்ட்ராடில் விற்க பொத்தான் நிற்கிறது. எச்சரிக்கையை யாருக்காக எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

'லாகின் கொடுங்கள், நாங்களே விற்றுத் தருகிறோம், மாதம் இத்தனை சதவீதம்' என்று வகுப்பு முடிந்து யாராவது தனியாகக் கூப்பிட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்றவர்கூட உங்கள் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கேட்கக் கூடாது. ஏற்கனவே கொடுத்திருந்தால் பாஸ்வேர்டையும் பின்னையும் இன்றே மாற்றி, புரோக்கர் கணக்கில் உள்நுழைந்திருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பதிவு பெற்ற ஆலோசகர் மீதான புகாரை செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியுங்கள். கட்டிய கட்டணத்தின் ரசீது, வாட்ஸ்அப், டெலிகிராம் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அதற்கு முன்பே எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாள் குழுவே காணாமல் போவது சகஜம்.