மணப்பெண் படத்தில் புடவையை மாற்றும்போது ஜரிகைக் கரையும் கொசுவமும்: கேள்வி பதில்

கேள்வி: அரக்கு நிறப் பட்டுப்புடவையில் எடுத்த படம். புடவையின் உடலை மட்டும் பச்சைப் புட்டாவாக மாற்றச் சொல்கிறார்கள், ஜரிகைக் கரை அப்படியே இருக்க வேண்டுமாம். Photoshop-இல் Hue/Saturation போதாதா?

நிறம் மட்டும் மாறுவதாக இருந்து, புதிய நிறமும் பழையதைப் போலவே அடர்த்தியாக இருந்தால் போதும். வடிவமும் மாறும்போது, பழைய புடவையிலிருந்து துணியின் ஒளியையும் நிழலையும் மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதைப் புதிய துணியின் மேல் ஏற்றியாக வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். படத்தை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கினால் பழைய ஜரிகைப் புட்டாக்கள் வெளிர் புள்ளிகளாக நின்றுவிடும். புதிய பச்சையின் அடியிலிருந்து அவை மங்கலாகத் தலைகாட்டும்.

அரக்கு நிறத்துக்குச் சிவப்பு சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னும் அரக்கும் மற்ற இரண்டு சேனல்களைவிட அதில் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவதால், புட்டாக்கள் அடங்கி மடிப்புகள் மட்டும் தெளிவாகத் தெரியும். பச்சை, நீல சேனல்களில் அரக்குத் துணி ஏறக்குறையக் கறுப்பாகவே கிடக்கும், அதில் புள்ளி இரைச்சல்தான் மிஞ்சும். சிவப்பு சேனலிலும் விடாமல் தெரியும் புட்டாக்களைக் கையால் அழித்துவிட்டு, அந்தப் பிரதியைப் புதிய துணியின் மேல் Multiply முறையில் வையுங்கள். பட்டின் பளபளப்புக்கு, அதே பிரதியின் மிக வெளிச்சமான பகுதிகளை மட்டும் இன்னொரு அடுக்கில் Screen முறையில் மெலிதாகச் சேர்க்க வேண்டும். அந்த அடுக்கு இல்லாத பட்டு, பருத்தியாகத்தான் தெரியும்.

கேள்வி: நான் Displace வடிகட்டியைப் போட்டுவிடுவேன். மடிப்புக்கு ஏற்றபடி புட்டா தானாகவே வளைந்துவிடும். கொசுவத்துக்கும் அதுவே போதும் என்பது என் அனுபவம்.

நீங்கள் சொல்வது பாதி சரி. Displace படத்தின் ஒளியளவைப் பார்த்துத் துணியை நகர்த்துகிறது: 128 என்ற நடுச்சாம்பலில் நகர்வே இல்லை, அதைவிட வெளிச்சமான இடம் ஒரு பக்கமும் இருண்ட இடம் எதிர்ப்பக்கமும் நகரும். தோளில் விழும் முந்தானைக்கும் இடுப்பைச் சுற்றி வரும் பகுதிக்கும் இது நன்றாகவே பொருந்தும்; அடிப்படைப் படத்தைச் சற்று மங்கலாக்கிக்கொண்டால் புட்டாவின் விளிம்பு பிசிறாது.

ஆனால் கொசுவத்தில் துணி வளைவதில்லை, மறைகிறது. ஒரு மடிப்பின் விளிம்பில் வெட்டுப்பட்ட புட்டா, அடுத்த மடிப்பில் விட்ட இடத்திலிருந்து தொடராது. இடையில் மறைந்த துணியைத் தாண்டி வேறெங்கோ தொடங்கும். இந்தத் தாவலை எந்த வடிகட்டியும் உங்களுக்காகக் கணக்கிட்டுத் தராது. ஆகவே ஒவ்வொரு கொசுவத்தையும் தனி முகமூடியாக வெட்டி, துணியைத் தனித்தனியே வைக்க வேண்டும்.

எவ்வளவு தாவ வேண்டும் என்பதை நாம் மாற்றாமல் வைத்திருக்கும் கரையே சொல்லிவிடும். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கரையில் ஓர் அன்னத்துக்கும் அடுத்த அன்னத்துக்கும் 3 அங்குலம், படத்தில் 120 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குலம் 40 பிக்சல். கொசுவம் சுமார் 5 அங்குல அகலத்தில் மடிக்கப்பட்டிருந்தால், போகவும் வரவுமாக ஒரு கொசுவம் ஏறத்தாழ 10 அங்குலத் துணியை விழுங்கும், அதாவது 400 பிக்சல். இப்போது கரையைக் கூர்ந்து பாருங்கள்: முதல் கொசுவத்தின் விளிம்பில் அன்னத்தின் அலகு தொடங்குகிறது, அடுத்ததன் விளிம்பிலோ அன்னம் 20 பிக்சல் உள்ளே நகர்ந்திருக்கிறது. 120-இன் மடங்குகளோடு 20-ஐக் கூட்டி 400-க்கு மிக அருகில் வரும் எண் 380. எனவே உண்மையில் ஒரு கொசுவத்துக்குப் போன துணி 380 பிக்சல்.

புதிய புட்டாக்கள் குறுக்கே 4 அங்குல இடைவெளியில், அதாவது 160 பிக்சலுக்கு ஒன்றாக இருந்தால், 380-இலிருந்து இரண்டு இடைவெளிகளைக் கழித்து மிஞ்சுவது 60. ஆக, ஐந்து கொசுவங்களில் துணி தொடங்கும் இடம் முறையே 0, 60, 120, 20, 80 என்று வரும். கரை எந்தப் பக்கம் நகர்கிறதோ அதே பக்கம் இதையும் நகர்த்த வேண்டும். மேலும் கீழுமாக எந்தத் தாவலும் கூடாது. ஒவ்வொரு புட்டா வரிசையும் எல்லாக் கொசுவங்களிலும் கரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். வெளியே தெரிவது குறுகிய பட்டை மட்டுமே என்பதால், பல கொசுவங்களில் அரைப் புட்டாவோ கால் புட்டாவோதான் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் முழுப் புட்டா உட்கார்ந்திருந்தால், புடவை கட்டிப் பழகிய எவரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: நெசவுக் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். கணக்கு சரிதான், ஆனால் கரை காட்டுவது மீதத்தை மட்டும்தானே? கொசுவம் 5 அங்குலமா 6½ அங்குலமா என்பதை வைத்து விடை மாறும். தவிர, எல்லாக் கொசுவமும் ஒரே அளவில் யாரும் மடிப்பதில்லை.

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. 6½ அங்குலம் என்றால் 500 பிக்சல் என்பதும் அதே கரையோடு பொருந்திவிடும், அப்போது புட்டாவின் தாவல் 60 அல்ல, 20. இடுப்பில் செருகிய இடத்தில் மேல்மடிப்பு முழு அகலமாகத் தெரியும் படம் அதே நிகழ்ச்சியில் வேறொன்று இருந்தால், அதிலிருந்து அளப்பதே நல்லது. இல்லாவிட்டால் மணமகளின் கையகலத்தோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியதுதான். சமமில்லாத கொசுவங்களுக்கு ஒவ்வொன்றிலும் கரையைத் தனியே படித்து, முந்தையதோடு கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரத்துக் கொசுவத்தில் கரையே மறைந்திருந்தால் அதற்கு உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் அம்மாவின் கல்யாணப் புடவையில் உடல் இற்றுவிட்டது, கரை நன்றாக இருக்கிறது. அதைப் புதுத் துணியில் வைக்க முடியுமா?

இங்கே பேசுவது படத்தில் மாற்றுவதைப் பற்றி. உங்களுடையது தையல் வேலை: கரையை ஓரத்தில் சிறிது உடல் துணியோடு சேர்த்தே வெட்டி, புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம். ஜரிகை இழை முறியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக வந்தும், கரையின் ஓரத்திலுள்ள தாழம்பூ ரேக்குப் பற்களின் இடுக்கில் சிவப்புக் கோடு தெரிகிறது. கரையும் செம்பு போல் இருக்கிறது.

இவை இரண்டு தனித்தனிக் குறைகள். பற்களின் இடுக்கில் இருப்பது பழைய உடல்தான். அது கரைக்கு உரியது என்று நினைத்து முகமூடியை நேர்கோடாக வெட்டியிருப்பீர்கள். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வொரு பல்லையும் பேனா கருவியால் சுற்றி வாருங்கள். விளிம்பில் ஒரு பிக்சல் மென்மை போதும், அதற்கு மேல் போனால் பல் மழுங்கும்.

செம்பு நிறம், அரக்குத் துணியின் ஒளி ஜரிகையில் பட்டுத் திரும்பியதால் வருவது. கரையின் மேல் Color முறையில் ஓர் அடுக்கு வைத்து, உடலிலிருந்து தள்ளியிருக்கும் வெளிவிளிம்பின் பொன் நிறத்தை எடுத்து உள்விளிம்பில் மெலிதாகப் பூசுங்கள். ஜரிகையின் வெளிச்சப் புள்ளிகளைத் தொடவே கூடாது, கரையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. மடியில் வைத்த கையின் அடிப்பகுதியிலும் அதே சிவப்பு இருக்கும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மாற்ற வேண்டிய புதுப் புடவை இரட்டை நிறப் பட்டு. பச்சையும் நாவல் நிறமும் மடிப்புக்கு மடிப்பு மாறும். அதை எப்படிக் கொண்டுவருவது?

பிரித்தெடுத்த நிழல் பிரதியையே முகமூடியாக வைத்து, வெளிச்சமான முகடுகளில் ஒரு நிறத்தையும் பள்ளங்களில் மற்றதையும் இடலாம், தூரத்தில் பார்த்தால் நம்பும்படி இருக்கும். ஆனால் உண்மையில் அந்த நிற மாற்றம், துணி எந்தக் கோணத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. நிழலில் இருக்கும் மடிப்பும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கலாம். முழு உருவப் படத்துக்கு இந்த முறையில் செய்து கொடுங்கள். இடுப்பளவு நெருக்கத்தில் எடுத்த படத்துக்கு இரட்டை நிறத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.