கடற்கரை ஊரில் வாங்கிய புத்தகம் அசலா, கள்ளப்பதிப்பா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பி "இது ஒரிஜினல்தானா பாருங்க" என்று கேட்பவர்கள் நிறைய. ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த சில கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். காரணம், நம் பக்கத்துக் கடல்காற்று நல்ல புத்தகத்தையும் கள்ளப் புத்தகம் மாதிரி காட்டிவிடும். எந்த அடையாளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதில்தான் குழப்பம்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: வாங்கும்போது வெள்ளையாக இருந்த நாவல் சில வருடத்தில் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது, அட்டையும் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இந்த இரண்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், ஈரக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அட்டை வளைவதற்கும் ஈரம்தான் காரணம். வெளிப்பக்கம் லாமினேஷன் பிளாஸ்டிக், அது ஈரத்தை இழுக்காது. உள்பக்கம் வெறும் அட்டை, அது இழுத்து விரியும். விரிகிற பக்கம் உள்ளே இருப்பதால் அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். அசல் புத்தகமும் அலமாரியில் ஒரு மழைக்காலம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

தாளின் நிறத்தைப் படத்தில் காட்டுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ட்யூப்லைட்டில் எடுத்தால் ஒரு நிறம், மஞ்சள் பல்பில் எடுத்தால் இன்னொரு நிறம், போன் வேறு தானாக நிறத்தைச் சரிசெய்கிறது. நீங்கள் அனுப்பியதில் ஒரே பக்கம் இரண்டு படத்தில் இரண்டு நிறமாக இருக்கிறது. அடுத்த முறை, திறந்த பக்கத்தின் மேல் ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் ஒன்றைப் பாதி மறைப்பது மாதிரி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புத்தகத் தாள் க்ரீமா, பழுப்பா, நியூஸ்பிரிண்ட் சாம்பலா என்று சொல்ல முடியும். ஓரம் மட்டும் பழுத்து நடுவில் வெளுப்பாக இருந்தால் அது வயசு. பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், பின்பக்க எழுத்தும் தெரிகிறது என்றால் மட்டும் மேற்கொண்டு தோண்டுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒருவர்: ஆன்லைனில் பாதி விலைக்கும் கீழே ஒரு தமிழ் நாவல் வாங்கினேன். அதே நாவல் மதினி வீட்டிலும் இருக்கிறது. இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், எது அசல்?

பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பிரதி கிடைத்தது பெரிய உதவி. தனியாக ஒரு புத்தகத்தின் படத்தைப் பார்த்துச் சந்தேகம்தான் சொல்ல முடியும், இரண்டு இருந்தால் விஷயமே வேறு. பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முன் அட்டையை நேராக எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதனால்தான் ஜன்னல் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொன்னேன். மதினி பிரதியில் தலைப்பு எழுத்து மட்டும் பளபளக்கிறது, சுற்றியிருக்கும் அட்டை மங்கலாக இருக்கிறது. அதாவது மேட் லாமினேஷன், அதன் மேல் தங்க ஃபாயில். உங்கள் பிரதியில் அட்டை முழுக்க ஒரே பளபளப்பு, தலைப்பு எழுத்து காவி கலந்த மஞ்சள். ஃபாயிலை ஸ்கேன் செய்தால் அதன் மினுக்கு வராது, வெறும் நிறம்தான் வரும். ஆனாலும் இதை வைத்தே முடிவு கட்டவில்லை. பதிப்பகமே அடுத்த பதிப்பில் செலவைக் குறைக்க ஃபாயிலை விட்டுவிடுவது உண்டு.

அடுத்தது முதுகு. இங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஸ்கேல் வைத்து எடுத்த படத்தில் மதினி பிரதி கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர், உங்களுடையது 10 மில்லிமீட்டரை ஒட்டி. கடைசிப் பக்க எண் இரண்டிலும் ஒன்றுதான், 304. அதாவது 152 தாள். சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள, அதாவது 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் அடித்தால் ஏறக்குறைய அந்த 14 வரும், மெலிந்த மலிவுத் தாளில் அடித்தால் 10 வரும். கடல்காற்றில் தாள் ஊதுவது உண்டு, நான்கு மில்லிமீட்டர் ஊதாது. அட்டை வடிவமைப்பு 14 மில்லிமீட்டர் முதுகுக்காகச் செய்தது. அதை அப்படியே ஸ்கேன் செய்து மெலிந்த புத்தகத்துக்குப் போர்த்தினால், முதுகில் இருக்க வேண்டிய நிறப்பட்டை மடிப்பைத் தாண்டி முன் அட்டைக்கு வந்துவிடும், முதுகுத் தலைப்பும் நடுவில் நிற்காது. உங்கள் படத்தில் இரண்டுமே நடந்திருக்கிறது. தாளை மாற்றுகிற அசல் பதிப்பகம் முதுகு அளவையும் மாற்றித்தான் அட்டை போடும்.

அப்புறம் உள்ளே. அசல் புத்தகம் கம்ப்யூட்டர் கோப்பிலிருந்து நேரே பிளேட் எடுத்து அடிப்பது, எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து மறுபடி அடித்தால் எழுத்து தடித்துவிடும். தமிழில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ண, ஞ, இ போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும், புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கிட்டத்தில் எடுத்த படத்தில் "கண்ணன்" என்ற சொல்லில் இரண்டு புள்ளியும் ஒட்டிக் கிடக்கின்றன. கூடவே, 87ஆம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்ட தடம் அச்சாகவே விழுந்திருக்கிறது. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள் என்றேன், கலையவில்லை, பின்பக்கம் அழுத்தமும் இல்லை. யாரோ படித்த பிரதியை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இந்த ஒன்றே போதும்.

கடைசியாகப் பதிப்பு விவரப் பக்கம். உள்ளே "மூன்றாம் பதிப்பு", விலை 280. பின் அட்டையில் அச்சாகியிருக்கும் விலை 350. மேலே ஸ்டிக்கர் ஒட்டி விலை மாற்றுவது எல்லா இடத்திலும் நடப்பது, அதைக் குறை சொல்லவில்லை. இங்கே இரண்டுமே அச்சு: உள்பக்கம் பழைய பதிப்பிலிருந்தும் அட்டை புதிய பதிப்பிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டிய வரியும் காணோம். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2023இல் வந்த புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தகங்களை விட்டுவிட்டது, அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதனால் அதற்கு முந்தைய தேதி போட்ட புத்தகத்தில் அச்சக வரி இல்லாதது சந்தேகம், அதற்குப் பிறகு வந்ததில் இல்லாவிட்டால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

ஐஎஸ்பிஎன் எண் சரியாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் செய்தவனுக்கு அதுவும் சேர்ந்தே வந்துவிடும். எண் தப்பாக இருந்தால் சந்தேகப்படலாம், சரியாக இருப்பதால் அசல் ஆகிவிடாது.

உங்களுடையது கள்ளப்பதிப்பு. முதுகு, 87ஆம் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், பின் அட்டை இந்த நாலு படத்தையும், ஆர்டர் ரசீதையும் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். முகவரி மதினி பிரதியில் இருக்கிறது. விற்றவர் மேல் நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு இந்தப் படங்கள் தேவைப்படும். பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதாக இருந்தால், படம் எடுத்து முடித்த பிறகு அனுப்புங்கள்.

ஏர்வாடியிலிருந்து: பதிப்பகத்திடமே நேராகப் பணம் கட்டி வாங்கினேன். நண்பரின் பழைய பிரதியைவிடத் தாள் வெள்ளை, அட்டை மெலிசு. அவர்களே போலி அனுப்புவார்களா?

இல்லை. கொஞ்சமாக விற்கும் புத்தகத்தை இப்போது பலர் தேவைக்கேற்ப டிஜிட்டல் மெஷினில் அடிக்கிறார்கள், பிஓடி என்பார்கள். பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்டில் வந்த பழைய பிரதியோடு தாளும் அட்டையும் ஒத்துப்போகாது. பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள், டோனர் எழுத்து தாளின் மேல் லேசாக மினுங்கும், ஆனால் விளிம்பு சுத்தமாக இருக்கும், சுழி அடைக்காது. உங்கள் படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

தொண்டியிலிருந்து ஒரு அப்பா: மகள் நீட்டுக்குப் படிக்கிறாள். என்சிஇஆர்டி உயிரியல் புத்தகம் தெருவில் ஒருவரிடம் வாங்கினேன், படங்கள் மங்கல். எப்படிப் பார்ப்பது?

என்சிஇஆர்டியில் ஒரு வசதி இருக்கிறது. பதிப்பு விவரப் பக்கத்திலேயே 80 ஜிஎஸ்எம் தாளில், என்சிஇஆர்டி வாட்டர்மார்க்குடன் அச்சிட்டது என்று போட்டிருப்பார்கள். ஒரு தாளை மட்டும் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள், தாளுக்குள்ளேயே குறி தெரிய வேண்டும். படம் எடுத்தால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், ஃப்ளாஷ் போட்டால் எதுவும் தெரியாது. எழுத்து நெருக்கமான பக்கத்தில் குறி மறைந்துபோகும், வெற்றிடம் அதிகமுள்ள தாள்களாக நாலைந்து பாருங்கள். தூக்காமலே ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பலாகத் தெரிந்தால் அது மேலே அச்சடித்தது.

உயிரியலில் வண்ணப்படம் மங்கினால் மார்க் போகும். செல்லின் பாகத்துக்குப் போகும் அம்புக்குறி எங்கே முடிகிறது என்றே தெரியாத பிரதி அது. என்சிஇஆர்டி தளத்தில் முழுப் புத்தகமும் இலவசமாக பிடிஎஃப் இருக்கிறது, புது புத்தகம் வாங்கும்வரை அதில் படிக்கச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: கல்கி நாவல்கள் பத்துப் பதிப்பகம் போடுகின்றன, விலையும் மலிவு. அதேபோலக் கலாம் புத்தகங்களும் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை, அவர் மறைந்தது 1954, இறந்து 60 வருடம் என்ற கணக்கிலும் உரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மெலிந்த தாளில் போட்டாலும் அது கள்ளப்பதிப்பு ஆகாது. இன்னொரு பதிப்பகம் போட்ட முன்னுரையையும் அட்டையையும் அப்படியே உருவினால்தான் தப்பு. கலாம் மறைந்தது 2015. அவர் தனியாக எழுதியவற்றுக்கு 2075 முடியும்வரை உரிமை இருக்கிறது. கூட எழுதியவர் இருந்தால் இன்னும் நீளும். அவர் ஊரிலேயே விற்கிறார்கள் என்பதால் அது அனுமதி பெற்றதாகிவிடாது, மேலே மண்டபத்துக்காரருக்குச் சொன்ன சோதனைகளை அதற்கும் செய்யுங்கள்.

பாம்பனிலிருந்து: பக்கம் கழன்று வருகிறது, தையலே இல்லை, வெறும் பசை. கள்ளப்பதிப்புதானே?

இன்றைக்குப் பெரும்பாலான பேப்பர்பேக் பசை பைண்டிங்தான், தையல் இல்லாதது அடையாளம் ஆகாது. கழன்ற தாளின் உள்விளிம்பைப் படம் எடுத்து அனுப்புங்கள். சொரசொரப்பாக இருந்து அதில் பசை ஒட்டியிருந்தால் சரியாகச் செய்த பைண்டிங் வெயிலில் இளகிவிட்டது என்று அர்த்தம். வழவழப்பாக, பசையே ஏறாமல் இருந்தால் அவசரத்தில் செய்தது. அப்போதும் எழுத்தின் சுழியைப் பார்த்த பிறகுதான் சொல்வேன். உள்மார்ஜின் பக்கத்துக்குப் பக்கம் மாறி, சில பக்கத்தில் முதல் எழுத்தே பைண்டிங்குக்குள் போயிருந்தால் அந்தப் பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.