ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 120 ரூபாய்: எதற்குக் கொடுக்கிறோம்?

கேள்வி: ஒருவர் செய்திப் பக்கத்தைத் திறந்ததும் விளம்பர இடத்துக்கான ஏலம் எப்படி நடக்கிறது?

பக்கம் விரியும்போதே, காலியான விளம்பர இடத்தைப் பற்றிய தகவல் தளத்தின் சார்பில் விற்கும் எஸ்எஸ்பி வழியாக, ஏலத்தை நடத்தும் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. எந்தப் பக்கம், என்ன போன், எந்த ஊர், குறைந்தபட்ச விலை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் அதை, விளம்பரதாரர் சார்பில் வாங்கும் பல டிஎஸ்பிகளுக்கு அனுப்பும். உங்கள் டிஎஸ்பி, நீங்கள் வைத்த நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து விலை சொல்லும். அவகாசம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டு அளவுதான். தாமதமானால் அந்த ஏலத்தில் நீங்கள் இல்லை.

கேள்வி: நான் 120 ரூபாய் சிபிஎம் கேட்டேன். அடுத்தவர் 70தான் கேட்டிருப்பார். எனக்கு ஏன் 120 ரூபாய் பில்?

முன்பு பல எக்ஸ்சேஞ்சுகளில் ஜெயித்தவர் இரண்டாவது விலையைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுத்தால் போதும். உங்கள் கணக்கில் அது 70 ரூபாய் சொச்சம். இப்போது பெரும்பாலும் முதல் விலை ஏலம்தான்; கூகுள் ஆட் மேனேஜரும் 2019இல் அதற்கு மாறியது. கேட்ட விலையையே கட்ட வேண்டும். சிபிஎம் ஆயிரம் இம்ப்ரெஷனுக்கான, அதாவது விளம்பரம் ஆயிரம் முறை பக்கத்தில் ஏறுவதற்கான விலை என்பதால், ஒரு இம்ப்ரெஷனுக்கு 12 பைசா.

அதனால் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். 100க்கு இறக்கியும் ஜெயிக்கும் விகிதம் குறையவில்லை என்றால், அந்த 20 ரூபாயை இத்தனை நாள் வீணாகக் கொடுத்திருக்கிறீர்கள். பல டிஎஸ்பிகள் பழைய ஏலங்களைப் பார்த்துத் தாங்களே விலையைக் குறைத்துக் கேட்கும். உங்கள் கணக்கில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: ஒரு லட்சம் கொடுத்தால் செய்தித் தளத்துக்கு எவ்வளவு போகும்?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஏஜென்சிக்கு 10,000, டிஎஸ்பிக்கு 10,000, டேட்டாவுக்கும் சரிபார்ப்புக்கும் 8,000 என்றால், ஏலத்துக்குப் போவது 72,000. அதில் எஸ்எஸ்பி 15 சதவீதம் எடுத்தால், தளத்தின் கையில் 61,200. பிரிட்டன் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா 2020இல் பிடபிள்யூசி மூலம் இதை ஆராய்ந்தபோது, தளங்களுக்குப் போனது 51 சதவீதம்தான். 15 சதவீதம் யாரிடம் போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டணங்களைத் தனித்தனி வரியாகக் காட்டச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: 60 ரூபாய் சிபிஎம் மலிவுதானே?

விளம்பரம் பக்கத்தில் ஏறியதற்குத்தான் பணம். கண்ணில் பட்டதற்கு அல்ல. பேனரில் பாதியாவது ஒரு விநாடி திரையில் இருந்தால்தான் பார்க்கத்தக்கது என்பது பொதுவான அளவுகோல். 60 ரூபாய்த் தளத்தில் 40 சதவீதம்தான் அப்படித் தெரிகிறது என்றால், தெரிந்த ஆயிரத்துக்கு நீங்கள் கொடுப்பது 150 ரூபாய். 90 ரூபாய்த் தளத்தில் 75 சதவீதம் தெரிந்தால் 120 ரூபாய்தான். மலிவானது இரண்டாவது தளம்.