வீகன் ஆகியும் எல்டிஎல் இறங்கவில்லை

"பால், நெய்கூட இல்லாத வீகன் உணவுக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது. சமையல் முழுக்கத் தேங்காய் எண்ணெய்தான். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 150-ஐ விட்டு அசையவில்லை. பி12 மாத்திரை அவசியமா?"

முதலில் எண்ணெயை மாற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. அதே அளவு வெண்ணெயில் 7தான். விட்ட கொழுப்பு வேறு வழியில் திரும்பி வந்திருக்கலாம்.

சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறி, தினமும் பயறோ சோயாவோ தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புரதமும் கிடைக்கும், எல்டிஎல்லும் இறங்கும். எட்டு வாரம் கழித்துப் பரிசோதியுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பி12 கட்டாயம் வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கீரையிலும் பயறிலும் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். கால் மரத்துப்போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.