பிழை சிறிதுதான், ஆனால் ஒரே பக்கம் சாய்கிறது

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இட்லி மாவு ஆட்டி, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். வாரம் 400 பாக்கெட் போகும் என்று கணித்து, கைக்காவலாக 420 ஆட்டுகிறோம். ஆறு வாரங்களில் விற்றவை 380, 410, 370, 380, 360, 370. சராசரியாக 25 பாக்கெட்தான் தவறுகிறது. ஆனாலும் மாவு திரும்பி வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்?

பதில்: நீங்கள் சொல்லும் 25 என்பது, கூடுதலா குறைவா என்று பாராமல் எடுத்த சராசரி, கணிப்பு எவ்வளவு தவறுகிறது என்பதை அது சொல்லுமே தவிர, எந்தப் பக்கம் தவறுகிறது என்பதைச் சொல்லாது. விற்றதிலிருந்து கணிப்பைக் கழித்துக் குறியோடு எழுதினால் −20, +10, −30, −20, −40, −30 என்று வரும். இவற்றின் கூட்டுத்தொகை −130, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 22 பாக்கெட் அதிகமாகக் கணித்திருக்கிறீர்கள். 25-இல் 22 ஒரே திசையில் போகிறது என்றால், சந்தையின் இயல்பான ஏற்ற இறக்கம் என்று அதை ஒதுக்க முடியாது.

இதை முன்கூட்டியே காட்டுவதுதான் டிராக்கிங் சிக்னல். குறியோடு கூட்டிய மொத்தப் பிழையை, குறி பாராத சராசரிப் பிழையால் வகுக்க வேண்டும்: −130 ÷ 25 = −5.2. பொதுவாக இது +4, −4 ஆகியவற்றுக்குள் இருந்தால் கணிப்பை அப்படியே விடலாம். உங்கள் கணக்கை வாரவாரியாகப் போட்டால் −1, −0.67, −2, −3, −4.17, −5.2 என்று வருகிறது. ஐந்தாவது வாரமே எல்லை தாண்டிவிட்டது. பிழைகள் அனைத்தும் ஒரே குறியில் இருந்தாலும் இந்த எண் வாரங்களின் எண்ணிக்கையைத் தாண்டாது என்பதால், முதல் நான்கு வாரங்களில் இந்த எல்லை மீறப்படவே வழியில்லை. எனவே −3 வந்த வாரத்திலேயே ஏட்டில் குறித்து வைப்பது நல்லது.

எண்ணைக் குறைக்கும் முன், கடைவாரியாக இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கடை வேறு மாவுக்கு மாறியிருந்தால் அந்தக் கடையின் கணிப்பை மட்டும் திருத்தினால் போதும். எல்லாக் கடைகளிலும் சரிவு இருந்தால் மொத்தத்தை 378 அளவுக்கு இறக்கி, கூட்டுத்தொகையைச் சுழியமாக்கி மீண்டும் தொடங்க வேண்டும். சுழியமாக்காவிட்டால் பழைய −130 பல வாரங்களுக்குப் பொய்யாக எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

எதிர்த்திசைச் சாய்வு இதைவிட வஞ்சகமானது. 420 ஆட்டி அத்தனையும் தீர்ந்த வாரத்தில் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது ஏட்டில் ஏறாது. உண்மைத் தேவை 460 ஆக இருந்தாலும் பிழை +20 என்றே பதிவாகும். ஆகவே தீர்ந்துபோன வாரங்களுக்குத் தனிக்குறி இட்டு, எந்தக் கிழமை தீர்ந்தது என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாயே தீர்ந்ததும் சனிக்கிழமை மாலை தீர்ந்ததும் ஒன்றல்ல.