வாப்பா எழுதியது மூன்றில் ஒன்றைத் தாண்டினால் மிச்சம் யாருக்கு?

கேள்வி: நாங்கள் முசலிப் பக்கம். வாப்பா மௌத்தாகி மூன்று மாதம். நொத்தாரிசிடம் மரணசாதனம் எழுதி வைத்திருக்கிறார். அதில் எங்களோடு வளர்ந்த சாச்சாவின் மகனுக்கு 36 லட்சம், பள்ளிவாசலுக்கு 12 லட்சம். குளத்தடி பெர்மிட் வயல் மூன்று ஏக்கரும் அவனுக்குத்தான். மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுத முடியாது என்கிறார்கள். அப்படியென்றால் மேலே உள்ளது என்னவாகும்? வாப்பா இருக்கும்போதே காக்காவும் நானும் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தோம். இப்போது உம்மாவும் காக்காவும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். தங்கச்சி இன்னும் சின்னப் பிள்ளை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். நபித்தோழர் சஃது இப்னு அபீ வக்காஸ் மக்காவில் கடும் நோயில் கிடந்தபோது நபியவர்கள் அவரைப் பார்க்கப் போனார்கள். அவருக்கு வாரிசாக ஒரே ஒரு மகள். சொத்தில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றார்கள். பாதியைக் கேட்டார், அதற்கும் வேண்டாம். மூன்றில் ஒன்று என்றபோதுதான், "மூன்றில் ஒன்று, அதுவே அதிகம்" என்றார்கள். வாரிசுகளை மக்களிடம் கையேந்த விடுவதைவிட வசதியாக விட்டுப்போவது நல்லது என்பதுதான் சொன்ன காரணம். குர்ஆன் உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கை நிர்ணயித்துவிட்டது. அந்தப் பங்கை ஒரு பேனாவால் குறைக்க முடியாது. கடைசி நேரத்தில் ஒரு நன்மை செய்ய மனிதனுக்குக் கொடுத்த இடம்தான் அந்த மூன்றில் ஒன்று. அதுவும் வாரிசு அல்லாதவருக்கு. காக்கா உயிரோடு இருப்பதால் சாச்சாவின் மகன் உங்கள் வாப்பாவுக்கு வாரிசு இல்லை. அதனால் அவருக்கு எழுதியதில் பிழையில்லை, அளவில்தான் பிரச்சினை.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய விபரப்படி உறுதிக் காணி, வீடு, டிராக்டர், வங்கிப் பணம் எல்லாம் சேர்த்து 105 லட்சம். மூன்றில் ஒன்றை இதிலிருந்து எடுக்கக்கூடாது. முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன். டிராக்டர் லீசிங் மீதி 7 லட்சம், அடக்கச் செலவு ஒரு லட்சம், உம்மாவுக்குக் கொடுக்காமல் விட்ட மஹர் ஒரு லட்சம். மஹர் கடனா என்று பலர் கேட்பார்கள். கடன்தான், வங்கிக் கடனைப் போலவே கடன். ஆக 9 லட்சம் கழிந்து 96 லட்சம் நிற்கிறது. மூன்றில் ஒன்று 32 லட்சம்.

வாப்பா எழுதியது 36 உம் 12 உம், மொத்தம் 48 லட்சம். பாதிச் சொத்து. 16 லட்சம் கூடிவிட்டது. இந்த இடத்தில் "பள்ளிவாசல்தானே, அதை முழுசாகக் கொடுத்துவிட்டு சாச்சாவின் மகனுக்குக் குறையுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். அப்படி இல்லை. இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். எழுதியது மூன்றுக்கு ஒன்று, ஆகவே 32 லட்சத்தில் சாச்சாவின் மகனுக்கு 24, பள்ளிவாசலுக்கு 8. மீதி 64 லட்சம் வாரிசுகளுக்கு: உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 8 லட்சம். எஞ்சிய 56 இல் மகனான காக்காவுக்கு 28, மகள்களான உங்களுக்கும் தங்கச்சிக்கும் 14 வீதம். (வாப்பாவின் உம்மா, வாப்பா உயிரோடு இல்லை என்று எடுத்திருக்கிறேன். அவர்களில் யாராவது இருந்தால் இந்தக் கணக்கைக் கிழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.)

கூடிப்போன 16 லட்சம் தானாகப் பள்ளிவாசலுக்கோ வேறு தர்மத்துக்கோ போகாது. அது வாரிசுகளுடையது. ஆனால் வாரிசுகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் வாப்பா எழுதியபடியே போகும். இங்கேதான் உங்கள் கையெழுத்துத் தாள் வருகிறது.

அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. வாப்பா உயிரோடு இருந்தபோது சொத்து அவருடையது, உங்களுடையது இல்லை. உங்களுடையதாகாத ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பீர்கள்? நம்மவர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் மௌத்துக்குப் பிறகு தரும் சம்மதம்தான் சம்மதம். வவுனியாவிலும் மன்னாரிலும் இந்தத் தாளை எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். "பிள்ளைகளின் சம்மதப் பத்திரம்" என்று தலைப்புப் போட்டு முத்திரையும் ஒட்டித் தருவார்கள். தாள் அழகாக இருக்கும், பயன் ஒன்றுமில்லை. அதைவிட மோசம், சிலர் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது. அந்த வெற்றுத் தாள்தான் பிறகு நீதிமன்றத்தில் "விட்டுக்கொடுத்தோம்" என்று பேசும். யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், காக்கா கேட்டாலும்.

இப்போது யார் சம்மதித்தால் எவ்வளவு போகும்? சம்மதிப்பவர் தன் பங்குக்குள் இருக்கிற அளவைத்தான் விட முடியும். அந்த 16 லட்சத்தில் உம்மாவின் பங்கு 2, காக்காவுடையது 7, உங்களுடையதும் தங்கச்சியுடையதும் 3.5 வீதம். உம்மாவும் காக்காவும் மட்டும் சம்மதித்தால் 9 லட்சம் போகும். அதுவும் அதே விகிதத்தில், சாச்சாவின் மகனுக்கு 6.75, பள்ளிவாசலுக்கு 2.25. உங்கள் 3.5 இல் யாரும் கைவைக்க முடியாது. நீங்களும் சம்மதித்தால் அது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. தங்கச்சியின் 3.5 மட்டும் அப்படியே நிற்க வேண்டும். அவளுக்காக உம்மாவோ காக்காவோ சம்மதம் சொல்ல முடியாது. பாதுகாவலர் பிள்ளையின் சொத்தைக் காப்பவர், அதைத் தானம் செய்பவர் இல்லை. "குடும்பமே ஒத்துக்கொண்டது" என்ற வார்த்தைக்குள் பெரும்பாலும் ஒரு சின்னப் பிள்ளையின் பணம் புதைந்திருக்கும்.

இனி கசப்பான பகுதி. மேலே சொன்னதெல்லாம் மார்க்கச் சட்டம். இதை நீதிமன்றம் செய்துதரும் என்று எண்ணிக்கொண்டு பலர் என்னிடம் வருகிறார்கள். செய்யாது. இலங்கையில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம், மரணசாதனம் எழுதாமல் மௌத்தானவர்களின் சொத்துக்குத்தான் மார்க்கப் பங்கைப் பொருத்துகிறது. மரணசாதனம் எழுதினால் 1844 ஆம் ஆண்டின் சட்டம். அது, விரும்பியவருக்கு எழுது, பிள்ளையை ஒதுக்கினாலும் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது. முஸ்லிமுக்கென்று தனி விலக்கு வைக்கவில்லை. ஆகவே நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் கையெழுத்திட்ட உங்கள் வாப்பாவின் பத்திரம் சரியாக இருந்தால், மாவட்ட நீதிமன்றம் 48 லட்சத்தையும் எழுதியபடியே ஏற்கும். மூன்றில் ஒன்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். மார்க்கம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், நடுவில் நிற்பது உங்களைப் போன்றவர்கள். இத்தனை வருடமாக இதை ஒழுங்குபடுத்த ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை போலும்.

(நொத்தாரிசு இல்லாமல் வீட்டில் எழுதி இரண்டு பேர் மட்டும் கையெழுத்து வைத்திருந்தால் கதை தலைகீழ். சட்டத்துக்கு அது மரணசாதனமே இல்லை, ஐந்து சாட்சி வேண்டும். அப்போது முழுச் சொத்தும் வாரிசுகளுக்குப் போகும்; மூன்றில் ஒன்றுவரை கொடுப்பது வாரிசுகளின் மார்க்கக் கடமையாக நிற்கும்.)

ஆக, கூடிப்போன பணத்தை மீட்க ஒரே வழி, சாச்சாவின் மகனும் பள்ளி நிர்வாகமும் மூன்றில் ஒன்றுக்கு மேலுள்ளதை ஏற்காமல் விடுவதுதான். மரணசாதன வழக்கில் பங்கு பிரிப்பதற்கு முன், இருவரும் எழுத்தில் கொடுத்து அதை வழக்கிலேயே பதிவு செய்ய வேண்டும். உங்களோடு வளர்ந்தவன் என்கிறீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். நிர்வாகத்திடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாரிசு மனம் வராத பணத்தைப் பள்ளிவாசல் வாங்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். காதி நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள், சொத்துப் பங்கீடு அவர்களின் வேலை இல்லை. அங்கே முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர் பொய் சொல்கிறார்.

கடைசியாக அந்த மூன்று ஏக்கர். வன்னியில் கணக்கு சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெர்மிட் காணி, அதாவது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணி, மரணசாதனத்தில் எழுதக்கூடியதல்ல. எழுதினால் அந்த வரி செல்லாது. அதே சட்டத்தில் கிடைத்த சுவர்ணபூமி, ஜயபூமி அளிப்புக் காணிக்கும் இதே விதிதான். உறுதி மாதிரி தாள் இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்தக் காணி பெர்மிட்காரரின் மனைவிக்கு அவருடைய ஆயுள்வரை போகும், அதற்குப் பிறகு பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளராகப் பதிந்தவருக்கு. சாச்சாவின் மகனை வாப்பா அங்கே பதிந்திருக்கலாம், உறவுப் பட்டியலில் சகோதரரின் மகனும் உண்டு. பதிந்திருந்தால் அவருக்குக் கிடைக்கும். பதியாமல் மரணசாதனத்தில் எழுதியது வீண்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. சாச்சாவின் மகன் தரப்பில் யாராவது வயலை 30 லட்சம் என்று மதிப்பிட்டு மொத்தத்தில் சேர்த்துவிடுவார்கள். அப்போது 96 லட்சம் 126 ஆகும், மூன்றில் ஒன்று 32 இலிருந்து 42 ஆகும். 10 லட்சம் சும்மா வளர்ந்துவிடும்! வயல் அந்தக் கணக்கில் வரவே கூடாது. யார் கணக்கைக் காட்டினாலும் முதலில் பெர்மிட் காணி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னுரித்தாளர் பதிவைக் காணிக் கிளையில் கேளுங்கள். 1990 இல் வெளியேறி எல்லாத் தாளையும் தொலைத்துவிட்டுத் திரும்பியவர்களுக்குப் பெர்மிட் இலக்கமும் நினைவிருக்காது. பழைய கூட்டுறவுக் கடன் பத்திரம் அல்லது உரமானிய அட்டையில் அது இருக்கலாம், தேடிப் பாருங்கள். என் கட்சிக்காரர் ஒருவரின் கோப்பை ஒரு அலுவலகத்தில் இரண்டு வருடமாகத் "தேடுகிறோம்" என்றார்கள், கடைசியில் அடுத்த அலுமாரியில் இருந்தது. அதனால் வாய்ப் பேச்சில் விடாமல் எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையோடு உங்கள் பிரதியை வாங்கி வையுங்கள். அதற்கு முன் யாரிடமும் வயலைப் பற்றி ஒரு வார்த்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.